‘அழி’ பொத்தானை எடுத்துவிட்டேன்

2023 ஜூலை. நெய்வேலி. அன்று மாலை ஒரு புத்தகக் கண்காட்சிக்குப் போவதாகத்தான் திட்டம். மதியமே கடையிலிருந்து போன் வந்தது. "தம்பி, ஆடிட்டர் உக்காந்திருக்காரு. நீ வந்துட்டுப் போ."

கடை என்றால் பெட்டிக்கடை இல்லை. சுரங்க வேலை எடுக்கும் காண்ட்ராக்டர்களுக்கு கன்வேயர் ரோலர், வி-பெல்ட், கிரீஸ், சேஃப்டி ஷூ சப்ளை செய்யும் சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி. டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு ஷெட், ஒரு கவுண்டர், மூன்று கம்ப்யூட்டர். அவர்களுடைய ஆர்டர், பில் மென்பொருளை எழுதியவன் நான். அதனால் அதில் நடந்த தவறுகள் எல்லாம் என் தவறுகள்தான்.

ஆடிட்டர் மேசையில் இரண்டு தாள் வைத்திருந்தார். இரண்டுமே மார்ச் மாத ஆர்டர் பட்டியல். ஒன்று ஏப்ரல் முதல் வாரத்தில் அச்சிட்டு முதலாளி கையெழுத்துப் போட்டது. மொத்தம் 6,12,400 ரூபாய். இன்னொன்று அன்று காலை அதே திரையில் அச்சிட்டது, 5,54,400. மூன்று மாதத்துக்கு முன் முடிந்துபோன மாதத்தில் 58,000 ரூபாய் குறைந்திருந்தது.

"மார்ச் மாசம் இன்னும் நடந்துக்கிட்டு இருக்கா சார்?" என்றார் என்னிடம். சிரிக்கவில்லை.

இந்த 58,000 எங்கே போனது என்பதைச் சொல்வதற்கு முன், அது ஏன் அழியாமல் மறைந்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு 2018-க்குப் போகணும்.

முதலில் நான் எழுதியது நேரடி அழிப்பு, அதாவது ஹார்டு டெலீட். பொத்தானை அழுத்தினால் ஆர்டர் வரி டேட்டாபேஸிலிருந்தே போய்விடும். ஆர்டரோடு தொடர்புள்ள பொருள் வரிகள், டெலிவரி சலான், வரவு எல்லாவற்றுக்கும் `ON DELETE CASCADE` போட்டிருந்தேன். தாய் வரி போனால் பிள்ளை வரிகளும் கூடவே போகும். திரை சுத்தமாக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் மாலை ஒரு காண்ட்ராக்டர், கிரீஸ் டிரம் ஆர்டர் கொடுத்து, அச்சிட்ட தாளையும் வாங்கிப் போனார். எண் 731. அரை மணி நேரத்தில் போன் செய்து வேண்டாம் என்றார். கவுண்டர் பையன் அழித்தான். அன்றைக்கு அதுதான் கடைசி ஆர்டர். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை வேறொருவர் சேஃப்டி ஷூ ஆர்டர் கொடுத்தார். அதற்கும் எண் 731.

இரண்டு வாரம் கழித்து முதல் காண்ட்ராக்டரின் ஸ்டோர்கீப்பர், ரத்தான விஷயம் தெரியாமல், 731 என்ற தாளோடு வந்து நின்று கிரீஸ் கேட்டார். திரையில் 731 என்று தட்டினால் ஷூ வருகிறது. பையன் முழித்தான். ஸ்டோர்கீப்பர் எங்களைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

அப்போது நாங்கள் வைத்திருந்தது மைசீக்வல் 5.7. அதில் `AUTO_INCREMENT` அடுத்து தரவேண்டிய எண்ணை வட்டில் எழுதி வைக்காது, நினைவகத்தில்தான் வைத்திருக்கும். சர்வர் அணைந்து எழுந்தால், டேபிளில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். 731-ஐ அழித்துவிட்டோம், பெரிய எண் 730, எனவே அடுத்தது மறுபடி 731. 8.0-இல் இந்த எண்ணைச் சேமித்து வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் இன்னும் 5.7-இல் ஓடும் கடைகளை நான் பார்க்கிறேன். இரவில் கம்ப்யூட்டரை அணைக்கும் பழக்கமும் எல்லாக் கடையிலும் உண்டு. டேபிளின் உள் எண்ணையே ஆர்டர் எண்ணாக அச்சிடாதீர்கள். ஆவண எண்ணுக்குத் தனியாக ஒரு எண்ணி வேண்டும். அது பின்னோக்கி நகரக்கூடாது.

கடையில் கணக்குப் பார்க்கும் பெரியவர் அன்று பழைய பில் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து காட்டினார். வெள்ளை, ரோஸ், மஞ்சள் என மூன்று நகல். நடுவில் ஒரு பில்லுக்கு மூன்று நகலிலும் குறுக்கே கோடு போட்டு ‘ரத்து’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து.

"பில்லு ரத்தானா தாளக் கிழிக்க மாட்டோம் தம்பி. மூணு காப்பியும் புக்குலயே கெடக்கும். கிழிச்சா, அது ரத்தான பில்லா, எவனாவது காசு வாங்கிக்கிட்டு ஒளிச்ச பில்லான்னு எப்படித் தெரியும்?"

ஜிஎஸ்டியும் இதையேதான் கேட்கிறது. ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13-ஆவது அட்டவணையில், அந்த மாதம் கொடுத்த பில்கள் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, மொத்தம் எத்தனை, அதில் ரத்தானது எத்தனை என்று எழுத வேண்டும். 201-இலிருந்து 260 வரை 60 பில் போட்டு, டேபிளில் 59 வரிதான் இருந்தால் அந்த ஒன்று ரத்தானதா, தொலைந்ததா? வரியே இல்லாதபோது மென்பொருளால் பதில் சொல்ல முடியாது. ஆளைத்தான் கேட்க வேண்டும். ஆளுக்கு மறந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட என்னை அதிகம் சங்கடப்படுத்தியது வேறொன்று. ‘யார், எப்போது, எதை அழித்தார்’ என்று பதிவு செய்ய எல்லா டேபிள்களிலும் டிரிகர் எழுதி வைத்திருந்தேன். 731 போன பிறகு அந்தப் பதிவேட்டைத் திறந்தால், ஆர்டர் அழிந்தது என்று ஒரு வரி இருக்கிறது. அதிலிருந்த கிரீஸ் டிரம்கள் எத்தனை, என்ன விலை என்று எதுவும் இல்லை. மைசீக்வலில், 5.7 ஆகட்டும் 8.0 ஆகட்டும், `CASCADE` வழியாகப் பிள்ளை வரிகள் அழியும்போது அந்தப் பிள்ளை டேபிளின் டிரிகர் ஓடாது. ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. காவல்காரனை வாசலில் நிறுத்திவிட்டு, சாமான் எல்லாம் கொல்லைப்புறம் வழியாகப் போன கதை. சோதித்துப் பார்ப்பது எளிது: சோதனை டேட்டாபேஸில் மூன்று பொருள் உள்ள ஓர் ஆர்டரை அழியுங்கள், பதிவேட்டில் நான்கு வரி வருகிறதா, ஒன்றே ஒன்றா என்று எண்ணுங்கள்.

இந்த அடிக்குப் பிறகு எதிர்த் திசையில் ஓடினேன். எதையும் அழிப்பதில்லை, மறைத்து வைப்போம். சாஃப்ட் டெலீட். ஒவ்வொரு டேபிளிலும் `deleted_at` என்று ஒரு கட்டம். பொத்தானை அழுத்தினால் அதில் தேதியும் நேரமும் விழும். திரைகள் எல்லாம் `deleted_at IS NULL` உள்ளவற்றை மட்டும் காட்டும். டேட்டா பத்திரமாக உள்ளே இருக்கிறது, இனி ஆடிட் பற்றிக் கவலை இல்லை என்று நான்கு வருடம் நிம்மதியாக இருந்தேன். ஜூலை மதியம் அந்த இரண்டு தாளும் மேசையில் கிடக்கும் வரை.

58,000-இன் கதை இதுதான். மார்ச் 28 அன்று ஒரு காண்ட்ராக்டர் 40 கன்வேயர் ரோலர் ஆர்டர் கொடுத்தார். ஒன்று 1,450 ரூபாய், மொத்தம் 58,000. ஆர்டர் எண் 1184. முன்பணம் 20,000 கட்டினார். 30-ஆம் தேதி 12 ரோலர் போனது. அதற்கு 17,400, ஜிஎஸ்டி 18 சதவீதம் 3,132, ஆக 20,532 ரூபாய்க்கு பில். மே 9 அன்று, மீதி 28 வேண்டாம், வேலை முடிந்துவிட்டது என்றார். கவுண்டரில் ‘அழி’ என்று ஒரே ஒரு பொத்தான்தான் நான் கொடுத்திருந்தேன். பையன் அதை அழுத்தினான். அவன்மேல் என்ன தப்பு?

1184 மறைந்தது. ஆனால் அதன் பிள்ளை வரிகளில் `deleted_at` விழவில்லை. அவை மறையவும் இல்லை, முழுதாகத் தெரியவும் இல்லை. எந்த அறிக்கை எந்த டேபிளைத் தொட்டு வருகிறதோ அதைப் பொறுத்தது எல்லாம்.

மார்ச் ஆர்டர் பட்டியல் ஆர்டர் டேபிளிலிருந்து வருவது. அதில் 58,000 காணாமல் போனது. விற்பனை அறிக்கை பில் டேபிளை ஆர்டரோடு இணைத்து வருவது. அதில் 17,400 போனது. அந்த பில்லையோ ஏப்ரலிலேயே ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டியாகிவிட்டது. இப்போது எங்கள் புத்தகம் அரசுக்குச் சொன்னதைவிடக் குறைவாகச் சொல்கிறது. ரொக்க வரவு அறிக்கை ஆர்டரைத் தொடுவதே இல்லை. அதில் 20,000 அப்படியே நிற்கிறது. ஸ்டாக் அறிக்கை சலானிலிருந்து வருவது. 12 ரோலர் போனதாகச் சரியாகச் சொல்கிறது, ஆனால் யாருக்கு என்று தட்டினால் வெற்றுத் திரை.

வாடிக்கையாளர் கணக்குதான் உச்சம். உண்மையில் அந்த காண்ட்ராக்டர் எங்களுக்கு 532 ரூபாய் தர வேண்டும். அறிக்கையில் பில் மறைந்து வரவு மட்டும் நின்றதால், நாங்கள் அவருக்கு 20,000 தர வேண்டும் என்று வந்தது. ஜூன் மாதம் அவரே ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். "என் பணம் 20,000 உங்ககிட்ட நிக்குதே, அடுத்த பில்லுல கழிச்சுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். அதிர்ஷ்டம், அடுத்த பில் இன்னும் போடவில்லை.

ஹார்டு டெலீட்டில் டேட்டா போகும், ஆனால் போனது போனதுதான், எல்லா அறிக்கையும் ஒன்றுபோலப் பொய் சொல்லும். சாஃப்ட் டெலீட்டில் டேட்டா இருக்கும்; ஒவ்வொரு அறிக்கையும் தனித்தனியாகப் பொய் சொல்லும். எனக்கு இரண்டாவதுதான் பயமாக இருக்கிறது. கண்டுபிடிக்க நேரம் ஆகும்.

இப்படிப் பாதி மறைந்தவற்றைப் பிடிக்க ஒரு சின்னக் கேள்வி போதும்:

```sql
SELECT i.inv_no, i.order_id
FROM invoices i
JOIN orders o ON o.id = i.order_id
WHERE o.deleted_at IS NOT NULL
  AND i.deleted_at IS NULL;
```

இதில் ஒரு வரிகூட வரக்கூடாது. வரவு, சலான், ரிட்டர்ன் என்று ஒவ்வொரு பிள்ளை டேபிளுக்கும் இதேபோல் ஓட்டிப் பார்க்க வேண்டும். அன்று நான் ஓட்டியபோது நான்கு ஆர்டர்கள் சிக்கின. 1184 அதில் ஒன்று.

‘அப்படியானால் பிள்ளை வரிகளையும் சேர்த்து மறைத்துவிட்டால் சரியாகிவிடுமே’ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆடிட்டரிடம் சொல்லவும் செய்தேன். அவர் ரொக்கப் புத்தகத்தைக் காட்டினார். "அந்த 20,000 பேங்க்ல இருக்கு. அத எப்படி மறைப்பீங்க?" 12 ரோலர் கன்வேயரில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதையும் மறைக்க முடியாது. பணமும் சரக்கும் நகர்ந்த பிறகு, அந்த நகர்வின் வரியை அழிக்கவும் கூடாது, மறைக்கவும் கூடாது.

அன்று அவர் இன்னொன்றும் கேட்டார்: 1184-ஐ யார் மறைத்தது? டேட்டாபேஸைப் பார்த்து என்னால் சொல்ல முடிந்தது மே 9, காலை 11.40 என்பது மட்டும். `deleted_at`-இல் தேதியும் நேரமும்தான் உண்டு. ஆள் யார், காரணம் என்ன என்று அதில் இல்லை. என் பழைய டிரிகர்களோ `DELETE`-க்கு எழுதியவை. சாஃப்ட் டெலீட் டேட்டாபேஸின் கண்ணுக்கு வெறும் `UPDATE`. எனவே அவை நான்கு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. இதைவிட மோசம், மறைத்ததை மீட்டால் `deleted_at` மறுபடி `NULL` ஆகிவிடும். ஒரு ஆர்டரை ஒரு வாரம் மறைத்து, அறிக்கை எடுத்துக்கொண்டு, திரும்ப மீட்டுவிட்டால் அப்படி நடந்ததற்குத் தடயமே இருக்காது.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. சிஜிஎஸ்டி விதிகள், 2017-இன் 56(8): கணக்கில் எழுதிய எதையும் அழிக்கவோ அதன்மேல் திருத்தி எழுதவோ கூடாது, கம்ப்யூட்டரில் வைத்திருந்தால், மாற்றிய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் லாக் இருக்க வேண்டும். இது பதிவு பெற்ற எல்லா வியாபாரிகளுக்கும் பொருந்தும். கம்பெனி என்றால் கூடுதலாக ஒன்று: 2023 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் நிதியாண்டிலிருந்து, கணக்கு மென்பொருளில் எடிட் லாக் இருக்க வேண்டும், அதை அணைக்க முடியக்கூடாது. அந்த வசதி வருடம் முழுக்க ஓடியதா, யாரும் அதைத் தொட்டார்களா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுத வேண்டும். தணிக்கை விதிகளில் 11(ஜி). மே 9 இந்தப் புதிய வருடத்துக்குள் விழுகிறது. "இந்த வருஷ ரிப்போர்ட்டுல இது வராது. அடுத்த வருஷம் எழுதியே ஆகணும். அதுக்குள்ள சரி பண்ணிடுங்க" என்றார். நல்ல மனுஷர்.

புத்தகக் கண்காட்சிக்குப் போகவில்லை. அடுத்த மூன்று வாரத்தில் செய்ததைச் சொல்கிறேன்.

ஆர்டரிலிருந்து ‘அழி’ பொத்தானை எடுத்தேன். எண் போடாத வரைவுகளுக்கு மட்டும் அது உண்டு, அங்கே உண்மையிலேயே அழிக்கும். வரைவு என்பது நான்கு சுவருக்குள் இருக்கும் துண்டுச் சீட்டு; கசக்கிப் போடலாம். உறுதி செய்யும்போதுதான் எண் விழும். எண் விழுந்த பிறகு ‘ரத்து’ மட்டும்தான்.

ரத்து என்பது ஆர்டர் வரியைத் தொடாது. தனி டேபிளில் புதிதாக ஒரு வரி எழுதும். 1184-க்கு இப்போது இரண்டு வரி இருக்கிறது: மார்ச் 28, கூட்டல் 40. மே 9, கழித்தல் 28, காரணம், அழுத்தியவர் பெயர். ஆர்டர் அறிக்கை இதிலிருந்து வருகிறது:

```sql
SELECT SUM(qty * rate)
FROM order_events
WHERE event_date BETWEEN '2023-03-01' AND '2023-03-31';
```

மார்ச்சுக்கு 1184-இன் பங்கு 58,000. என்றைக்கு அச்சிட்டாலும் அதுவே. மே மாதத்தில் கழித்தல் 40,600. இரண்டையும் கூட்டினால் 17,400, அதாவது ஜிஎஸ்டி போக நாம் பில் போட்ட தொகை. இப்படி நிகரமும் பில்லும் சமமாக இருந்தால் அந்த ஆர்டர் ஒழுங்காக முடிந்துவிட்டது என்று அர்த்தம். இதை மாதக் கடைசியில் ஒரு சோதனையாகவே ஓட்டுகிறோம்.

இங்கே ஒரு ஓட்டை உண்டு. மே 9 அன்று உட்கார்ந்து, மார்ச் 31 தேதி போட்டு ஒரு ரத்து எழுதினால் மார்ச் மறுபடி மாறிவிடும். அதனால் பூட்டுத் தேதி ஒன்று வைத்தேன். ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ததும் கணக்குப் பெரியவர் அந்த மாதத்தைப் பூட்டுவார். அந்த மாதத்திலோ அதற்கு முந்திய தேதியிலோ எந்த வரியும் எழுத முடியாது. பதிவு செய்த நேரம் தனியாக, தானாக விழும்; அதை யாரும் மாற்ற முடியாது.

பில் ரத்து ஆர்டர் ரத்தைப் போல அல்ல. பில் எண் தொடரில் நின்றபடியே ரத்து என்று குறிக்கப்படும், 13-ஆவது அட்டவணைக்குப் போகும். இ-இன்வாய்ஸ் போடும் அளவுக்கு வியாபாரம் உள்ளவர்கள் போர்ட்டலில் 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும், அந்த எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. நேரம் தாண்டிவிட்டாலோ சரக்கு திரும்பினாலோ கிரெடிட் நோட் போடுவதுதான் வழக்கம். இதையும் மென்பொருளில் ‘அழி’ என்று எழுதி வைத்தால் கவுண்டர் பையன் மறுபடி அதையே அழுத்துவான்.

அடுத்து டேட்டாபேஸ் பக்கம். எல்லா `CASCADE`-ஐயும் `RESTRICT` ஆக்கினேன். பிள்ளை இருக்கும் தாயை அழிக்கப் பார்த்தால் டேட்டாபேஸே மறுக்கும். மென்பொருள் பயன்படுத்தும் கணக்குக்கு, எண் விழுந்த ஆவணங்களில் அழிக்கும் உரிமையே இல்லை:

```sql
GRANT SELECT, INSERT, UPDATE
ON shop.orders TO 'app'@'localhost';
```

முன்பு `shop.*` முழுவதற்கும் எல்லா உரிமையும் கொடுத்திருந்தால் அதை முதலில் பறிக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வரி இருந்தும் பயன் இல்லை. நான் முதல் நாள் இதில்தான் ஏமாந்தேன். வரைவுகளைத் தனி டேபிளுக்கு மாற்றியதும் இதற்காகத்தான். லாக் டேபிளில் `INSERT`, `SELECT` மட்டும்.

சாஃப்ட் டெலீட்டை முழுக்கத் தூக்கி எறியவில்லை. வாடிக்கையாளர் பட்டியலிலும் பொருள் பட்டியலிலும் அது இன்னும் இருக்கிறது, அங்கேதான் அதற்கு வேலை. ஒரு காண்ட்ராக்டர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்றால், புது ஆர்டர் போடும் இடத்தில் அவர் பெயர் வரக்கூடாது. பழைய பில்லைத் திறந்தால் பெயர் இருந்தே ஆக வேண்டும். ஆகவே தேர்வுப் பட்டியல்கள் மறைத்தவரை விலக்கும், அறிக்கைகள் விலக்காது. இதற்கு `deleted_at` என்ற பெயரையும் மாற்றி `is_active` என்று வைத்தேன். ‘டெலீட்’ என்ற சொல் இருந்தால் பின்னாடி வரும் ஆள் எல்லாக் கேள்வியிலும் அதை வடிகட்டிவிடுவான். நானே அப்படித்தான் செய்தேன்.

பழசைச் சரி செய்ததுதான் நீண்ட வேலை. மறைந்து கிடந்த ஆர்டர் 37. ஒவ்வொன்றையும் தாளோடு ஒப்பிட்டோம். 22 இரண்டு தடவை அடித்தவை. 11 முழு ரத்து. மீதி நான்கில் சரக்கோ பணமோ நகர்ந்திருந்தது. எல்லாவற்றையும் மீட்டு, உரிய வகையில் ரத்து வரி எழுதினோம். ஒன்றைத் தவிர, பூட்டிய மாதங்களைத் தொடவில்லை, மற்ற ரத்து வரிகள் எல்லாம் ஆகஸ்ட் தேதியில், காரணக் குறிப்போடு. 1184-க்கு மட்டும் மே 9-ஐ வைக்கலாமா என்று யோசித்தேன். அந்தத் தேதியை எழுத அனுமதித்தால் பூட்டுக்கு என்ன மரியாதை? ஆனால் ஆடிட்டரே, பூட்டு முறை அமலுக்கு வருவதற்கு முந்திய நிகழ்ச்சி என்று குறிப்பு எழுதி ஒப்புதல் கொடுத்ததால் மே 9 என்றே விட்டோம். 2018 காலத்து ஹார்டு டெலீட்டுகளுக்கு இப்படி எதுவும் செய்ய முடியவில்லை. இரவு பேக்கப்களில் சிலது கிடைத்தது. கிடைக்காத எண்களுக்கு எதிரே ‘வரி இல்லை’ என்று மட்டும் எழுதி, அந்தப் பட்டியலைத் தனிக் கோப்பில் வைத்தோம்.

சிஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். கம்பெனிச் சட்டப்படி எட்டு நிதியாண்டு. அதற்கு மேல் பழையதை உண்மையிலேயே அழிக்கலாம். அப்போதும் ஆர்டர், பில், சலான், வரவு எல்லாம் ஒரே கட்டாகப் போகும். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை போனது என்று ஒரு தாள் மிஞ்சும்.

திருத்திய ஸ்டேட்மென்டை எடுத்துக்கொண்டு அந்த காண்ட்ராக்டரிடம் நானே போனேன். 20,000 வரும் என்று நினைத்தவரிடம் 532 கேட்பது லேசான வேலை இல்லை. 12 ரோலர் இறங்கிய சலானில் அவருடைய ஸ்டோர்கீப்பரின் கையெழுத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து ஒரு ஐந்நூறும் மூன்று பத்தும் ஒரு இரண்டு ரூபாய் நாணயமும் எடுத்து வைத்தார்.